கல்யாணத் திட்டத்தின் கேன்ட் சார்ட்டைப் படிப்பது எப்படி: முட்டிக்கொள்ளும் வேலைகளும் நடக்காத கெடுக்களும்

சேலத்தில் இப்போது பல வீடுகளில் கல்யாண வேலைகளைக் கூகுள் ஷீட்டில் போட்டு, ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது என்று நிறப் பட்டையாகக் காட்டும் கேன்ட் சார்ட்டாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிடுகிறார்கள். போடுவது சுலபம். போட்டதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. வரிசையாக நிறப் பட்டைகளைப் பார்த்ததும் எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றும். ஆகஸ்ட் கடைசியில்தான் ஒரே ஆள் மூன்று இடத்தில் நிற்கவேண்டியிருப்பது தெரியவரும்.

இந்த வழிகாட்டி போட்டு முடித்த சார்ட்டைப் படிப்பதற்கானது. ஆவணிக் கல்யாணம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 4 மாலை வரவேற்பு, 5 காலை முகூர்த்தம். ஆவணியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் ஆடி நிற்கிறது, சார்ட்டுக்கு ஆடி தெரியாது.

## 1. உட்காருவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

சார்ட்டின் பிரிண்ட் அவுட் ஒன்று, அளவுகோல், பென்சில், தினசரி காலண்டர். திரையில் பார்த்தால் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று வாரம்தான் தெரியும். முட்டல்கள் பெரும்பாலும் சார்ட்டின் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவில் இருப்பதால் முழுசாக ஒரே தாளில் பார்க்கவேண்டும். ஏ3 தாளில் எடுத்தால் நல்லது.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு விவரம் வேண்டும். அதை யார் செய்கிறார்கள்? இத்தனை நாள் ஆகும் என்று யார் சொன்னது? டெய்லர் சொன்னதா, நாமே போட்டதா? நாமே போட்ட நாட்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். பிற்பாடு உடையப்போவது பெரும்பாலும் அந்த வரிகள்தான்.

நம் எடுத்துக்காட்டுச் சார்ட்டில் முக்கியமான வரிகள் இவை. முகூர்த்தப் புடவையை எந்த வீட்டார் எடுப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இதில் பெண்வீட்டார் எடுக்கிறார்கள்.

| வேலை | யார் | தொடக்கம் | முடிவு |
|---|---|---|---|
| முகூர்த்தப் பட்டு நெசவு | அம்மா | ஜூன் 20 | ஆகஸ்ட் 4 |
| பிளவுஸ் ஆரி வேலை | அம்மா | ஜூலை 25 | ஆகஸ்ட் 8 |
| பிளவுஸ் தையல் | அம்மா | ஆகஸ்ட் 9 | ஆகஸ்ட் 14 |
| தாலிக்குப் பொன் உருக்கிச் செய்வது | மாப்பிள்ளை வீடு | ஆகஸ்ட் 5 | ஆகஸ்ட் 12 |
| பத்திரிகை அச்சு | அண்ணன் | ஆகஸ்ட் 8 | ஆகஸ்ட் 18 |
| பத்திரிகை வைப்பது | அப்பா | ஆகஸ்ட் 20 | ஆகஸ்ட் 29 |
| வேன், லாட்ஜ் அறை | அப்பா | ஆகஸ்ட் 21 | ஆகஸ்ட் 28 |
| ஆள்கணக்கு, பலசரக்கு | அப்பா | ஆகஸ்ட் 22 | ஆகஸ்ட் 25 |
| மண்டப மேடை அலங்காரம் | அண்ணன் | செப்டம்பர் 4 | செப்டம்பர் 4 |

## 2. வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் இடது பக்கம், முதல் வேலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்படிப் படித்தால் ஒவ்வொரு பட்டையும் நியாயமாகத்தான் படும். ஜூனில் நாள் நிறைய இருக்கிறதே!

முகூர்த்தம் நகராது. அதனால் அங்கே விரலை வைத்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு பட்டையின் வலது முனைக்கும் ஒரே கேள்விதான்: இது முடியாமல் அடுத்து எது தொடங்க முடியாது? அந்த அடுத்த வேலைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்புக்குறி இல்லாத சார்ட் வெறும் தேதிப் பட்டியல்தான். நிறைய வீட்டுச் சார்ட்டுகளில் ஒரு அம்புக்குறிகூட இருக்காது.

நம் சார்ட்டில் இப்படி வந்தால் பலசரக்கு வரியில் சிக்கும். ஆள்கணக்கு ஆகஸ்ட் 25இல் முடிகிறது. பத்திரிகை வைத்து முடிவது 29இல். எத்தனை வீட்டார் வருவார்கள், எத்தனை பேர் ராத்திரியே வந்து தங்குவார்கள் என்பது பத்திரிகை வைக்கப்போகும்போதுதான் வாய்வார்த்தையாகத் தெரியும். அது முடிவதற்கு நான்கு நாள் முன்னாலேயே சமையல் மாஸ்டரிடம் எண்ணிக்கை சொல்லிவிடுவதாகச் சார்ட் சொல்கிறது. அம்புக்குறி பின்னால் போகிற இடமெல்லாம் தப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 3. ஒரே ஆள் மேல் விழும் பட்டைகள்

அளவுகோலைச் செங்குத்தாக ஒரு தேதியின் மேல் வையுங்கள். அது எத்தனை பட்டைகளை வெட்டுகிறது என்று எண்ணாதீர்கள், எத்தனை பேரை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து பட்டைகளை ஐந்து பேர் பார்த்தால் சிக்கல் இல்லை. இரண்டு பட்டைகளை ஒருவரே பார்த்தால் அங்கே நிறுத்துங்கள்.

ஆகஸ்ட் 23இல் வைத்தால் மூன்று பட்டைகள் வெட்டுப்படும்: பத்திரிகை, வேன், பலசரக்கு. மூன்றும் அப்பா. அவர் ஓமலூரில் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கும்போது லீ பஜாரில் பலசரக்குச் சீட்டோடு நிற்க முடியாது.

வரிகள் அதிகமென்றால் ஷீட்டே எண்ணிக்கொடுக்கும். B நெடுவரியில் தொடக்கம், C-யில் முடிவு, D-யில் ஆள் பெயர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, காலியாக உள்ள ஒரு நெடுவரியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS($D$2:$D$40,D2,$B$2:$B$40,"<="&C2,$C$2:$C$40,">="&B2)-1
```

அதே ஆளின் வேறெத்தனை வேலைகள் இந்த வேலையின் தேதிகளோடு முட்டுகின்றன என்பது விடை. கடைசியில் உள்ள -1, அந்த வரி தன்னையே எண்ணிக்கொள்வதைக் கழிக்கிறது. அப்பாவின் மூன்று வரிகளிலும் 2 வரும்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பெயரை ஒரு வரியில் ‘அப்பா’ என்றும் இன்னொன்றில் ‘அப்பா, அண்ணன்’ என்றும் எழுதினால் ஷீட்டுக்கு அவை வெவ்வேறு ஆட்கள், முட்டல் பிடிபடாது. ஒரு வரிக்கு ஒரு பெயர்தான், பொறுப்பானவர் பெயர். இன்னொன்று, தேதி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருப்பது. தேதியாகப் பதிவானது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகப் பதிவானது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பதைத் திருத்தாமல் விட்டால் சூத்திரம் முட்டலைக் குறைத்துக் காட்டும், நாமும் முட்டலே இல்லையென்று நம்பிவிடுவோம்.

எல்லா முட்டலும் கெட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். நெசவு நடக்கும் 45 நாளும் அம்மா தறி முன்னால் உட்காரப் போவதில்லை. அது காத்திருக்கும் பட்டை. ஆள் நேரில் இருக்கவேண்டிய பட்டைகளை அடர்நிறத்திலும் காத்திருக்கும் பட்டைகளை வெளிர்நிறத்திலும் மாற்றிவிட்டால், அடர்நிறமும் அடர்நிறமும் முட்டும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

## 4. ஒரே பொருள் மேல் விழும் பட்டைகள்

இது ஆள் பெயரை வைத்துப் பிடிபடாது. புதியவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். இரண்டு வேலையையும் இரண்டு பேர் செய்தாலும், இரண்டுக்கும் தேவையான பொருள் ஒன்றாக இருந்தால் ஒன்று முடிந்துதான் மற்றது தொடங்கும்.

பட்டுப்புடவையைப் பாருங்கள். அம்மாப்பேட்டையில் தெரிந்த நெசவாளரிடம் ஆர்டர். ஜூன் 20இல் முன்பணம், 45 நாளில் புடவை, அதாவது ஆகஸ்ட் 4. ஆரி வேலை ஜூலை 25இல் தொடங்கும் என்று சார்ட் சொல்கிறது. இரண்டும் 11 நாள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. நெய்பவர் வேறு, ஆரி போடுபவர் வேறு என்பதால் சேர்ந்து நடக்கலாம் என்று போட்டுவிட்டார்கள். ஆனால் பிளவுஸ் துணி புடவையோடு சேர்ந்தே அதன் கடைசியில் நெய்யப்படுகிறது. புடவை தறியை விட்டு இறங்கி, வெட்டிக் கொடுத்தால்தான் ஆரி போடுபவர் அதைச் சட்டத்தில் பூட்ட முடியும். அவரைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “துணிய கையில கொடுங்கக்கா, அப்புறம் தேதி சொல்றேன்.”

இப்போது உண்மையான கணக்கைப் போடுவோம். ஆடியில் சேலத்து மாரியம்மன் கோயில்களில் எல்லாம் பண்டிகை. கோட்டை மாரியம்மன் திருவிழா, ஆடிப்பெருக்கு, அந்தந்தப் பேட்டையின் பண்டிகை என்று தறி சில நாள் நிற்கும். அதற்கு ஏழு நாள் ஒதுக்கினால் புடவை வருவது ஆகஸ்ட் 11. ஆரிக்குப் பதினைந்து நாள், 12 முதல் 26 வரை. தையலுக்கு ஆறு நாள், 27 முதல் செப்டம்பர் 1 வரை. 2ஆம் தேதி போட்டுப் பார்க்கலாம். கை இறுக்கமென்றால் பிரித்துத் தைக்க 3ஆம் தேதி. 4 மாலை வரவேற்பு.

சார்ட்டில் ஆகஸ்ட் 14இல் முடிந்து, மூன்று வாரம் மிச்சமிருப்பதாகத் தெரிந்த வேலை இது. கணக்கில் அந்த மிச்சமெல்லாம் கரைந்துவிட்டது. ஆரி போடுபவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் பிளவுஸ் இல்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அம்புக்குறி போகும் சங்கிலியில், கடைசி முனைக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இருக்கும் நாட்களைத்தான் கையிருப்பு என்று பார்க்கவேண்டும். கையிருப்பு குறைவான சங்கிலியே உங்கள் கல்யாணத்தின் கழுத்து. அதில் ஒரு வாரத்துக்குக் குறையக் கண்டால் அந்த வேலைகளின் தேதியை இப்போதே மாற்றுங்கள்.

## 5. காலண்டரைச் சார்ட்டின் மேல் வையுங்கள்

தினசரி காலண்டரில் ஆடி முதல் தேதியையும் கடைசித் தேதியையும் பாருங்கள். ஏறத்தாழ ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை, ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் வரும். அந்தப் பகுதி முழுவதையும் பென்சிலால் லேசாக நிழலடியுங்கள்.

இப்போது எந்தப் பட்டைகள் நிழலுக்குள் கிடக்கின்றன? பொன் உருக்குவது முழுக்க நிழலுக்குள் இருக்கிறது. ஆடியில் தாலிக்குப் பொன் உருக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். அப்போது அது ஆனியில் முடியவேண்டும், அல்லது ஆவணி பிறந்த பிறகு நல்ல நாள் பார்த்து நடக்கவேண்டும். பத்திரிகை அச்சும் நிழலுக்குள்தான் தொடங்குகிறது. அச்சாவதில் தடையில்லை. ஆனால் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்த பிறகே மற்றவர்களுக்கு வைக்கும் வீடுகளில் ஆவணி வரை ஒரு பத்திரிகைகூட வெளியே போகாது.

நிழல் எல்லா வேலைக்கும் பொதுவல்ல. தையல், ஆரி, வேன் பேசுவது எல்லாம் ஆடியில் தாராளமாக நடக்கும். அதனால் ஒவ்வொரு வரியிலும் ‘ஆடியில் நடக்குமா’ என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் எழுதவேண்டும், ஊர் வழக்கத்தை அல்ல.

ஆபீஸ் டெம்ப்ளேட்டில் போட்ட சார்ட்டாக இருந்தால் இன்னொரு கோளாறு உண்டு. அவை சனி, ஞாயிறை விடுமுறையாகக் கழித்துவிடும். கல்யாண வேலையில் பாதி நடப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். எல்லா நாளையும் வேலை நாளாக வைத்து, ஆகாத நாட்களை மட்டும் H நெடுவரியில் எழுதிக் கழிக்க இது உதவும். E-யில் வேலை நாட்களின் எண்ணிக்கை இருக்கவேண்டும்:

```
=WORKDAY.INTL(B2-1,E2,"0000000",$H$2:$H$40)
```

## 6. பட்டையின் நீளத்தை வேலையால் அளங்கள்

நடக்காத கெடுவைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். மொத்த வேலையை ஒரு நாளில் முடிகிற அளவால் வகுத்து, பட்டையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

பத்திரிகை வைப்பதற்குச் சார்ட்டில் பத்து நாள். வைக்கவேண்டிய வீடுகள் 240. ஒரு நாளைக்கு 24 வீடு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே போய், உட்கார்ந்து, காபி வேண்டாமென்றால் மோர் குடித்து, விசாரிப்பு முடிந்து எழுந்திருக்கக் குறைந்தது அரை மணி ஆகும். போகும் நேரம் தனி. ஊருக்குள்ளேயே முழு நாள் சுற்றினாலும் பன்னிரண்டு வீடு வைத்தால் பெரிது.

ஆனால் 240ஐயும் ஒரே அளவால் வகுக்கக் கூடாது. பட்டையைத் திசைவாரியாக உடையுங்கள். சேலத்துக்குள் 150 வீடு, நாளைக்கு 12 என்றால் 13 நாள். ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் 50 வீடு, நாளைக்கு 8 என்றால் 7 நாள். ஏற்காட்டில் 15 வீடு. எண்ணிக்கை குறைவு என்று அரை நாள் போடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பிறகு எஸ்டேட் ரோடுகளில் ஒவ்வொரு வீடாகப் போகவேண்டும், மழையும் மூடுபனியும் இருந்தால் இருட்டும் முன் இறங்கிவிடவேண்டும். இரண்டு நாள் வையுங்கள். மிச்சமுள்ள 25 வெளியூர், தபாலிலும் போனிலும் முடியும்.

மொத்தம் 22 நாள். ஆவணி பிறந்து செப்டம்பர் 3 வரை இருப்பதே 18 நாள். அதிலும் செவ்வாய், அஷ்டமி, நவமி பார்க்கும் வீடென்றால் இன்னும் சில கழியும். ஆக ஒரே ஆள், ஆவணியில் தொடங்கி, எல்லா வீட்டுக்கும் நேரில் என்று மூன்றையும் வைத்துக்கொண்டால் இந்த வேலை எப்படியும் முடியாது. எதையாவது ஒன்றை விடவேண்டும். எதை விடுவது என்பதைக் குடும்பம் ஜூனில் உட்கார்ந்து முடிவு செய்தால் சண்டையில்லாமல் முடியும்.

பத்திரிகை அச்சுக்கும் இதே கணக்குத்தான். அச்சடிக்க இரண்டு மூன்று நாள் போதும். பெரியவர்கள் பெயர் வரிசையை இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் பிடிக்கும். அந்த வாரம் சார்ட்டில் எங்கேயும் இருக்காது.

## 7. கடைசி நாளை மணிவாரியாகப் பிரியுங்கள்

நாள்வாரிச் சார்ட்டில் செப்டம்பர் 4 ஒரே ஒரு கட்டம். அதில் எத்தனை வேலை இருந்தாலும் முட்டுவது தெரியாது. அந்த நாளுக்கு மட்டும் தனியாக மணிவாரிச் சார்ட் போடுங்கள்.

முதலில் மண்டப ரசீதை எடுத்து, சாவி எத்தனை மணிக்குத் தருவார்கள் என்று பாருங்கள். மதியம் 2 மணி என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேடை அலங்காரத்துக்கு ஆறு மணி நேரம் வேண்டும் என்கிறார் டெக்கரேஷன்காரர். வரவேற்பு 6.30க்கு. இருப்பது நாலரை மணி நேரம். போதாததற்கு லைட் செட்காரரும் அதே மேடையில்தான் ஏணி போடவேண்டும். சமையல்காரர்கள் அதே நேரத்தில் வந்தாலும் பரவாயில்லை, அவர்கள் இடம் வேறு. மேடையும் நுழைவாசலும் மட்டும்தான் நெரியும்.

தீர்வு சாவி நேரத்தில் இருக்கிறது. முந்தைய விசேஷம் எப்போது முடிகிறது என்று மேனேஜரிடம் கேளுங்கள். மேடைக்கு மட்டுமாவது காலை 11 மணிக்கு ஆள் விடுவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி ரசீதில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் டெக்கரேஷன்காரரிடம் வெளியிலேயே கட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் டிசைனாகக் கேட்கவேண்டும்.

## 8. கண்டதைத் திருத்தும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் புது முட்டல்கள் முளைக்கும். கையிருப்பு குறைவான சங்கிலியை முதலில் திருத்துங்கள், மற்றவை அதை ஒட்டி அமையட்டும்.

புடவை: ஆர்டரை ஜூன் 10க்கு முன்னே கொண்டுவந்தால் பண்டிகை நாட்களோடு சேர்த்தே ஆகஸ்ட் 1இல் கைக்கு வரும். அதைவிடப் பெரிய ஆதாயம், சங்கிலியை அறுத்துவிடுவது. நெசவுக்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். உடலுக்கும் பார்டருக்கும் உரிய சாயநூலில் ஒரு துண்டை நெசவாளரிடம் கேட்டு வாங்கி, அதே நிறத்தில் தனியாகப் பட்டுத்துணி எடுத்தால், ஆரி வேலை புடவைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. ஜூலையிலேயே தொடங்கலாம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு எடுக்கவேண்டும், கடை டியூப்லைட்டில் அல்ல.

பொன் உருக்குவதை ஆனிக்குள் கொண்டுவாருங்கள். பத்திரிகையையும் ஜூலை 10க்குள் அச்சடித்து, ஆடிக்கு முன்பே குலதெய்வத்துக்கு வைத்துவிட்டால், தாய்மாமன் வீடு, சம்பந்தி வழி நெருங்கிய வீடுகளுக்கு ஆனியிலேயே வைக்கலாம். ஆவணியில் அப்பா சேலத்துக்குள் 13 நாள், அண்ணன் ஓமலூர்ப் பக்கமும் ஏற்காடும் 9 நாள். இருவரும் ஆகஸ்ட் 30க்குள் முடித்துவிடுவார்கள்.

அதன்பின் ஆள்கணக்கு ஆகஸ்ட் 31, பலசரக்கு செப்டம்பர் 1, 2. இதற்கு மாஸ்டர் ஒப்புக்கொள்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டே பட்டையை நகர்த்துங்கள். வேன், லாட்ஜ் இரண்டையும் அப்பாவிடமிருந்து எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்து, ஆடியிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அந்த மாதம் சும்மாதான் கிடக்கிறது. முகூர்த்த நாட்களுக்கு வேன் கடைசியில் கிடைப்பதும் கஷ்டம்.

## 9. வாரம் ஒரு முறை ‘இன்று’ கோடு

ஞாயிறு இரவு இன்றைய தேதியில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாகக் கிடந்தும் முடியாத பட்டை எதுவென்று பாருங்கள். ‘பாதி முடிந்தது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். பத்திரிகையென்றால் எத்தனை வீடு, நெசவென்றால் எத்தனை முழம் என்று கேளுங்கள். தாமதமானதைப் பழைய தேதியிலேயே விட்டுவைக்காமல், உண்மையில் முடியும் தேதிக்கு நீட்டி, மூன்றாவது படியிலிருந்து மறுபடி படியுங்கள். நீட்டிய பட்டை வேறெதையோ இடித்திருக்கும்.

பெரும்பாலான சார்ட்டுகள் முகூர்த்தத்தோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு வலப்பக்கம் இன்னும் ஒரு பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள்: திருமணப் பதிவு. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதியவேண்டும், தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். செப்டம்பர் 5 முகூர்த்தத்துக்கு முதல் கெடு டிசம்பர் 4. அதற்கு வேண்டிய பத்திரிகையில் இரண்டு மூன்றை, வைத்து முடிப்பதற்குள் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.